லீ வட்டுச் சோதனையில் எப்போது ரீடிங் எடுப்பது? நிலைத்த நிலையை முடிவு செய்ய நான்கு வழிகள்

பி.எஸ்சி. இயற்பியல் செய்முறையில், அரிதிற்கடத்தியின் வெப்பங்கடத்துதிறனை அளக்கும் லீ வட்டு வந்துவிட்டால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "நீராவி விட்டு முக்கால் மணி நேரம் ஆகிறது. தெர்மாமீட்டர் 73.5-இல் நிற்கிறது. இதுதான் ஸ்டெடி ஸ்டேட்டா, இன்னும் காத்திருக்க வேண்டுமா?" ஒரு ஆசிரியர் ஐந்து நிமிடம் ஒரே ரீடிங் வந்தால் போதும் என்கிறார், இன்னொருவர் பத்து நிமிடம் என்கிறார். வரைபடம் போட்டு நீட்டிப் பார் என்பவரும் உண்டு. கருவி மாறும்போது எல்லா விதிகளும் ஒரே அளவுக்கு நம்பத்தக்கவையாக இருப்பதில்லை. எந்த விதி எவ்வளவு பிழையை மறைத்து வைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், எதைத் தேர்வது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் சோதனையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். மூன்று நூல்களில் தொங்கும் பித்தளை வட்டு. அதன் மேல் அதே விட்டமுள்ள அட்டை, அதாவது நமது அரிதிற்கடத்தி. அதற்கு மேல் நீராவி அறை. மேலேயுள்ள தெர்மாமீட்டர் T1 காட்டும், பித்தளை வட்டின் துளையில் உள்ளது T2 காட்டும். அட்டை வழியாக இறங்கும் வெப்பம் முழுவதையும் பித்தளை வட்டு தன் அடிப்பரப்பு வழியாகவும் பக்கவாட்டு வழியாகவும் காற்றில் விட்டுவிடுகிறது என்றால் T2 அசையாது. அந்த நிலையில் கீழ்க்கண்ட சமன்பாடு பொருந்தும்:

```
K A (T1 - T2) / d = M s R f
f = (r + 2h) / (2r + 2h)
```

K அட்டையின் வெப்பங்கடத்துதிறன், A அதன் பரப்பு, d அதன் தடிமன். M, s, r, h ஆகியவை பித்தளை வட்டின் நிறை, தன்வெப்பம், ஆரம், தடிமன். R என்பது அட்டையையும் நீராவி அறையையும் எடுத்துவிட்டு வட்டை மட்டும் சூடாக்கிக் குளிரவிடும்போது, T2 வெப்பநிலையில் அது குளிரும் வீதம். குளிரும்போது மேல்பரப்பும் திறந்திருக்கிறது, அட்டை இருந்தபோது அது மூடியிருந்தது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டவே f.

சமன்பாட்டின் இடப்பக்கத்தில் T2 நேரடியாக இருக்கிறது. வலப்பக்கத்தில் R-க்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது, ஏனென்றால் R-ஐ எடுப்பதே T2 என்ற புள்ளியில்தான். ஆகவே T2-ஐ அவசரப்பட்டு எடுத்தால் பிழை இரண்டு பக்கமும் சேர்ந்து K-ஐக் கீழே இழுக்கும். இதனால்தான் நிலைத்த நிலையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் வைக்கும் முதல் அளவுகோல் "மீதி". T2 கடைசியில் எங்கே போய் நிற்குமோ அதற்கும், நாம் ரீடிங் எடுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் மீதி. ஒரு விதி நம்மிடம் "நின்றுவிட்டது" என்று சொல்லும்போது எத்தனை டிகிரி மீதியை அது காட்டாமல் விட்டிருக்கக்கூடும்? இதுதான் முக்கியமான கேள்வி.

இரண்டாவது, நேரம். மூன்று மணி நேர செய்முறையில் கொதிகலன் சூடாகவே கால் மணி போய்விடும். குளிர்தல் பகுதிக்கு அரை மணியாவது ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, தெர்மாமீட்டர். அரை டிகிரி படிக்கும் பாதரசத் தெர்மாமீட்டரில் சரியாக வரும் வழியும், 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் கருவியில் சரியாக வரும் வழியும் ஒன்றல்ல.

ரெக்கார்டு நோட்டைப் பார்ப்பவருக்கு ஆதாரம் தெரிகிறதா என்பதும் உண்டு. "நிலைத்த நிலை அடைந்தது, T2 = 75" என்று ஒற்றை வரி எழுதினால் அதை நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

## கணக்குக்கு ஒரு வட்டு

எண்களோடு பேசினால்தான் இது புரியும். நம் ஆய்வகங்களில் வழக்கமாகக் காணும் அளவில் ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். பித்தளை வட்டின் ஆரம் 5.5 செ.மீ., தடிமன் 1 செ.மீ., நிறை 0.81 கி.கி. பித்தளையின் தன்வெப்பம் கிலோவுக்கு 380 ஜூல் என்று வைத்தால், வட்டை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 308 ஜூல் வேண்டும். அட்டையின் தடிமன் 3 மி.மீ., K 0.08 W/m K. நீராவி 99 டிகிரி, அறை 30 டிகிரி. வட்டு காற்றுக்கு விடும் வெப்பம், அறையைவிட ஒரு டிகிரி கூடினால் நொடிக்கு 0.13 ஜூல்.

இந்த வட்டின் T2 கடைசியில் 75.6 டிகிரியில் நிற்கும். அதை நோக்கிப் போகும் வேகத்தை முடிவு செய்வது நேர மாறிலி. 308-ஐ, அட்டை வழியாக ஒரு டிகிரிக்கு இறங்கும் வெப்பம், காற்றுக்குப் போகும் வெப்பம் இரண்டின் கூடுதலால் வகுத்தால் அது கிடைக்கும். இங்கே சுமார் 13.4 நிமிடம். அதாவது மீதி ஒவ்வொரு 9.3 நிமிடத்துக்கும் பாதியாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை T2 இப்படிப் போகும்:

| நிமிடம் | T2 (°C) | மீதி (°C) |
|---|---|---|
| 20 | 65.3 | 10.3 |
| 30 | 70.7 | 4.9 |
| 40 | 73.3 | 2.3 |
| 50 | 74.5 | 1.1 |
| 60 | 75.1 | 0.5 |
| 70 | 75.4 | 0.2 |
| 80 | 75.5 | 0.1 |

இப்போது மீதி K-ஐ எவ்வளவு கெடுக்கிறது என்று பார்க்கலாம். மீதி 1 டிகிரி இருக்கும்போது ரீடிங் எடுத்தால், வட்டு விடும் வெப்பம் 45.6-க்குப் பதில் 44.6-க்கு விகிதமாகும், அட்டையின் இரு பக்க வித்தியாசம் 23.4-க்குப் பதில் 24.4 ஆகும். இரண்டும் சேர்ந்து K-ஐ 6 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். மீதி 2 டிகிரி என்றால் 12 சதவீதம், 3 டிகிரி என்றால் 17 சதவீதம். திருகு அளவியில் அட்டைத் தடிமனை 0.01 மி.மீ. தவறாகப் படித்தால் வரும் பிழை வெறும் 0.3 சதவீதம். தடிமனை ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுக்கும் மாணவர் T2-இல் ஒரு டிகிரியை விட்டுவிட்டால் அந்தக் கவனம் வீண்.

மறுபக்கம், குளிர்தல் வளைகோட்டுக்குக் கையால் தொடுகோடு வரைவதிலேயே இரண்டு மூன்று சதவீதம் எளிதாக ஆடிவிடும். அதனால் இந்த வட்டுக்கு மீதி 0.3 டிகிரிக்குள் வந்துவிட்டால் போதும். அதற்கு மேல் காத்திருப்பதால் விடை தேறாது.

## வழி 1: "ஒரே ரீடிங் வந்தால் போதும்"

பெரும்பாலான கையேடுகளில் இருப்பது இதுதான். எளிது, கணக்கு எதுவும் வேண்டாம். ஆனால் எத்தனை நிமிடம் ஒரே ரீடிங் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

40-ஆவது நிமிடத்தில் T2 நிமிடத்துக்கு 0.17 டிகிரி ஏறிக்கொண்டிருக்கிறது. அரை டிகிரி படிக்கும் கண்ணுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் அது 73.5-இலேயே நிற்பதுபோல் தெரியும். நிமிடத்துக்கொருமுறை ரீடிங் எடுப்பவர் தொடர்ந்து மூன்று ரீடிங் ஒன்றாக வந்துவிட்டது என்று எழுதிவிடுவார். அங்கே மீதி 2 டிகிரிக்கு மேல், K 12 சதவீதத்துக்கு மேல் குறைவு. தொடக்கத்தில் சொன்ன அந்த "73.5-இல் நிற்கிறது" என்பது இதுதான்.

ஐந்து நிமிட விதியைப் பாருங்கள். 55-ஆவது நிமிடத்தில் உண்மையான T2 74.85, 60-இல் 75.1. அரை டிகிரிக்கு வட்டமாக்கினால் இரண்டும் 75.0. விதி நிறைவேறிவிட்டது, எழுதிய ரீடிங்கில் மீதி 0.6, K-இல் சுமார் 4 சதவீதப் பிழை. பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் இது அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எங்கே வட்டமாக்கல் விழுகிறது என்பதைப் பொறுத்து விதி முன்கூட்டியே நிறைவேறலாம்.

இந்த விதியைப் பாதுகாப்பானதாக்க ஒரே வழி, இடைவெளியை நேர மாறிலியோடு கட்டிப்போடுவதுதான். அதற்கு நேர மாறிலியைக் கண்டுபிடிக்க வேண்டாம். T2 ஏறிவரும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் குறியுங்கள். ஒரு பத்து நிமிடத்தில் 5.4 ஏறியது, அடுத்த பத்தில் 2.6, அதற்கடுத்து 1.2. ஏற்றம் ஏறக்குறைய பாதி பாதியாகிறது. பாதியாகும் இடைவெளியைக் கண்டுகொண்டால் ஒரு அழகான விஷயம் கிடைக்கும்: கடைசி இடைவெளியில் எவ்வளவு ஏறியதோ, ஏறக்குறைய அவ்வளவே இன்னும் மீதி இருக்கிறது. 40-க்கும் 50-க்கும் நடுவே 1.2 ஏறியது, 50-இல் மீதி 1.1. பட்டியலில் எந்த வரியிலும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே "பாதியாகும் நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் ரீடிங் அசையவில்லை" என்பதே இந்த வழியின் சரியான வடிவம். அரை டிகிரித் தெர்மாமீட்டரில் அதற்குப் பிறகும் மீதி அரை டிகிரி வரை ஒளிந்திருக்கலாம். இரண்டு இடைவெளி அசையாமல் இருந்தால் கால் டிகிரிக்குள் வந்துவிடும். ஆனால் அதற்குள் கடிகாரம் ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டியிருக்கும்.

மறைமுகச் செலவு இன்னொன்று. பாதரசம் நுண்குழாயில் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு சட்டென்று குதிக்கும் பழக்கம் உண்டு. படிக்கும் முன் தெர்மாமீட்டரை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். துளையில் ஒரு சொட்டு கிளிசரின் விடாவிட்டால் குமிழுக்கும் பித்தளைக்கும் நடுவே காற்று நின்று, வட்டைவிடப் பின்தங்கியே ரீடிங் காட்டும். "அசையவில்லை" என்பதை மட்டும் நம்பும் வழிக்கு இந்த இரண்டும் நேரடி ஆபத்து.

## வழி 2: மூன்று ரீடிங்கிலிருந்து முன்கூட்டியே கணித்தல்

T2 ஏறும் வளைகோடு அடுக்குக்குறிப் போக்கில் இருப்பதால், சம இடைவெளியில் எடுத்த மூன்று ரீடிங் போதும், கடைசி மதிப்பைக் கணித்துவிடலாம். முதல் ஏற்றம் a, இரண்டாவது ஏற்றம் b என்றால்:

```
மீதி = b*b / (a - b)
```

20, 30, 40 நிமிட ரீடிங்குகள் 65.3, 70.7, 73.3. a = 5.4, b = 2.6. மீதி 6.76 / 2.8 = 2.4. ஆகவே கடைசி T2 = 75.7. நாற்பதே நிமிடத்தில் உண்மையான 75.6-க்கு 0.1 டிகிரிக்குள் வந்துவிட்டோம்.

கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் இதையே அரை டிகிரித் தெர்மாமீட்டரில் செய்து பாருங்கள். ரீடிங்குகள் 65.5, 70.5, 73.5 என்று விழும். a = 5, b = 3, மீதி 4.5. கடைசி T2 78.0 என்று வரும்! உண்மையைவிட 2.4 டிகிரி அதிகம். ஒவ்வொரு ரீடிங்கிலும் கால் டிகிரிக்குக் குறைவான வட்டமாக்கல்தான். ஆனால் இரண்டு வித்தியாசங்களின் வித்தியாசத்தால் வகுக்கும்போது அது பல மடங்காகப் பெருகிவிட்டது.

எனவே இது டிஜிட்டல் தெர்மாமீட்டரோ வெப்ப இரட்டையோ உள்ளவர்களுக்கான வழி. பாதரசத்தில் இதைச் செய்ய விரும்பினால் மூன்று புள்ளியை நம்பாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுத்து, எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே வழவழப்பான கோடு வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து மூன்று மதிப்புகளைப் படித்துக்கொள்ள வேண்டும். அப்போது வட்டமாக்கல் பிழை ஓரளவு தணியும்.

நீராவி நிதானமாக வரத் தொடங்குமுன் எடுத்த ரீடிங்குகளையும் இதில் சேர்க்கக் கூடாது. T1 ஏறிக்கொண்டிருக்கும்போது வளைகோடு அடுக்குக்குறிப் போக்கில் இராது. T1 நின்று பத்து நிமிடமாவது கழித்துத் தொடங்குவது நல்லது.

## வழி 3: மேலிருந்தும் கீழிருந்தும் நெருங்குதல்

என் தேர்வு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கீழிருந்து ஏறிவரும் T2 எப்போதுமே கடைசி மதிப்புக்குக் கீழே இருக்கும். மேலிருந்து இறங்கிவரும் T2 எப்போதுமே அதற்கு மேலே இருக்கும். இரண்டும் தெரிந்துவிட்டால் உண்மை நடுவில் மாட்டிக்கொண்டுவிட்டது. எவ்வளவு நேரம் காத்தோம், ரீடிங் எத்தனை நிமிடம் நின்றது என்ற வாதமே எழாது.

இதற்குச் செய்முறையின் வரிசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். வழக்கமாக நிலைத்த நிலை முதலில், குளிர்தல் பிறகு. இங்கே அதைத் திருப்பிப் போடுகிறோம். அட்டை இல்லாமல் நீராவி அறையைப் பித்தளை வட்டின் மேலேயே வைத்துச் சூடாக்குங்கள். வட்டு 90-ஐத் தாண்டியதும் நீராவி அறையை எடுத்துவிட்டு, வட்டைத் தனியே குளிரவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுங்கள். இன்ன T2-வைச் சுற்றி மட்டும் என்று கட்டுப்படுத்தாமல், 65 வரை முழு வளைகோட்டையும் எடுத்துவிட்டால் பின்னால் எந்த T2 வந்தாலும் அதற்கான R அந்தக் கோட்டில் இருக்கும். நமது வட்டு 75 டிகிரி அருகே நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 டிகிரி குளிரும். ஆகவே இதற்குக் கால் மணி நேரம் போதும்.

பிறகு வட்டை மறுபடி நீராவி அறையோடு ஒட்டவைத்து 79 டிகிரிக்குக் கொண்டுவந்து, நடுவே அட்டையைச் செருகிவிடுங்கள். இப்போது T2 இறங்கும். மீதி 3.4-இல் தொடங்கி, அரை மணியில் 0.4 ஆகிவிடும். தெர்மாமீட்டர் 76.0 காட்டும். அப்புறம் நீராவி அறையையும் அட்டையையும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்து, வட்டு 74 வரை குளிர்ந்ததும் மறுபடி வையுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். இப்போது T2 ஏறும், மீதி 1.6-இல் தொடங்கி இருபது நிமிடத்தில் 0.4-க்குக் குறையும். தெர்மாமீட்டர் 75.2 அருகே இருக்கும்.

மேலிருந்து 76.0, கீழிருந்து 75.2. நடுமதிப்பு 75.6, இருபக்கமும் 0.4. K-இல் அதிகபட்சம் 2.6 சதவீதம். ஐம்பது நிமிடத்தில் இது கிடைக்கிறது, அறை வெப்பநிலையிலிருந்து ஏறவிட்டிருந்தால் அந்த நேரத்தில் 1.1 டிகிரி மீதியோடு நின்றிருப்போம். அரை டிகிரித் தெர்மாமீட்டரிலேயே இது சாத்தியம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

மறைமுகச் செலவு என்னவென்றால், கை. நீராவி அறையைச் சூடாக இருக்கும்போதே தூக்கி வைக்க வேண்டும். ரப்பர் குழாயில் தேங்கிய கொதிநீர் கையில் கொட்டும் வாய்ப்பு உண்டு. தடித்த துணியோ கையுறையோ கட்டாயம், இரண்டு பேர் இருந்தால் நல்லது. குழாயிலிருந்து சொட்டும் நீர் அட்டையில் பட்டுவிட்டால் அந்த அட்டை அன்றைக்கு உதவாது, நனைந்த அட்டையின் K வேறு. தனியாகச் செய்யும் மாணவருக்கு, அதுவும் தேர்வு நாளில், இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

79 என்ற எண்ணை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். அதே அட்டையை முந்தைய அணி செய்திருந்தால் அவர்கள் T2-ஐ வைத்துத் தொடங்கலாம். இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை. அட்டையைச் செருகியதும் T2 இறங்கினால் நாம் மேலே இருக்கிறோம், ஏறினால் கீழே இருக்கிறோம். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## வழி 4: காத்திருக்காமல், ஏறும் வீதத்தையும் கூட்டிக்கொள்ளுதல்

நிலைத்த நிலை வேண்டும் என்று நாம் ஏன் கேட்கிறோம்? வட்டு வெப்பத்தைத் தன்னிடம் சேமிக்கக் கூடாது என்பதற்காக. சேமித்தால்தான் என்ன, அதையும் கணக்கில் எழுதிவிடலாமே. T2 ஏறிக்கொண்டிருக்கும்போது, அட்டை வழியே வரும் வெப்பத்தில் ஒரு பகுதி காற்றுக்குப் போகிறது, மறுபகுதி வட்டைச் சூடாக்குகிறது. சூடாகும் வீதத்தை R' என்றால்:

```
K A (T1 - T2) / d = M s (R f + R')
```

நமது வட்டில் T2 72.6-ஐக் கடக்கும் கணத்தை எடுத்துக்கொள்வோம், மீதி 3 டிகிரி. அங்கே காற்றுக்குப் போவது நொடிக்கு 5.5 ஜூல். T2 நிமிடத்துக்கு 0.22 டிகிரி ஏறுகிறது, அதாவது வட்டில் சேர்வது 1.15 ஜூல். இரண்டையும் கூட்டி T1 - T2 = 26.4 ஆல் வகுத்துப் பார்த்தால் K 0.08-க்குத் திரும்பிவிடுகிறது. R'-ஐ விட்டுவிட்டால் K 0.066 தான்.

இதில் அருமையான விஷயம், R'-ஐத் துல்லியமாக அளக்க வேண்டியதில்லை. மொத்தத்தில் அது 17 சதவீதம்தான். அதை 10 சதவீதம் தவறாக அளந்தாலும் K-இல் 1.7 சதவீதமே ஆடும். 74.5-இல் எடுத்தால் இன்னும் குறைவு. நேரம் போதாமல் 45-ஆவது நிமிடத்தில் மணி அடிக்கப் போகிறது என்றால் இதுதான் காப்பாற்றும் வழி.

எல்லைகளும் உண்டு. T1 அசையாமல் இருக்க வேண்டும். அட்டையும் கொஞ்சம் வெப்பத்தைச் சேமிக்கும், அதைச் சமன்பாடு கணக்கில் எடுக்கவில்லை. 3 மி.மீ. அட்டை இருபது கிராம் சுமாருக்குத்தான் இருக்கும் என்பதால் பித்தளையோடு ஒப்பிட்டால் அது சிறிது. ஆனால் தடித்த மரத்துண்டையோ ரப்பர் தகட்டையோ வைத்தால் அலட்சியப்படுத்த முடியாது. முக்கியமாக, ஈரப்பதம். மழைக்காலத்தில் அலமாரியிலிருந்து அப்படியே எடுத்த அட்டை முதல் அரை மணியில் உலர்ந்துகொண்டிருக்கும். ஈரத்தை ஆவியாக்கவும் வெப்பம் போகும், K-உம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் இந்த வழியில் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. 40-ஆவது நிமிடத்திலும் 50-ஆவது நிமிடத்திலும் தனித்தனியே K கண்டுபிடித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாமல் ஒரே பக்கமாக நகர்ந்தால், அட்டையோ நீராவியோ இன்னும் நிதானத்துக்கு வரவில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஒரே ரீடிங் | மூன்று ரீடிங் கணிப்பு | இருபக்கம் | வீதம் கூட்டல் |
|---|---|---|---|---|
| மறையும் மீதி (அரை டிகிரி மானி) | 0.5 முதல் 2 வரை | 2-க்கு மேலும் போகலாம் | சுமார் 0.4 | பொருந்தாது. K-இல் 2 சதவீதம் |
| மறையும் மீதி (0.1 டிகிரி மானி) | 0.1 முதல் 0.3 | 0.1 முதல் 0.3 | 0.2 | பொருந்தாது. K-இல் 1 சதவீதம் |
| நேரம் | 60 முதல் 80 நிமிடம் | 40 முதல் 50 | 50 | 40 முதல் 45 |
| பெரிய ஆபத்து | சீக்கிரம் நின்றதாக நம்புவது | வட்டமாக்கல் பெருகுவது | சூடும் ஈரமும் | ஈர அட்டை, அசையும் T1 |

இந்த எண்கள் மேலே எடுத்துக்கொண்ட வட்டுக்கும் அட்டைக்கும் உரியவை. வட்டு கனமானாலோ அட்டை தடித்தாலோ நேரங்கள் எல்லாம் நீளும்.

## யாருக்கு எது

பாதரசத் தெர்மாமீட்டர், இரண்டு மூன்று பேர் கொண்ட அணி, முழுச் செய்முறை நேரமும் கையில் இருக்கிறது என்றால் இருபக்க வழி. தேர்வு என்றால், தனியாக இருக்கிறீர்கள் என்றால், ஒரே ரீடிங் வழியைப் பாதியாகும் நேரத்தோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். பத்து நிமிடத்துக்கொரு ரீடிங்கை அட்டவணையாக எழுதிவையுங்கள். "ஏன் இங்கே நிறுத்தினாய்" என்று வைவாவில் கேட்டால் அந்த அட்டவணைதான் பதில். நேரம் கைமீறிவிட்டால் R'-ஐக் கூட்டுங்கள். டிஜிட்டல் கருவி இருந்தால் மூன்று ரீடிங் கணிப்பைச் செய்து, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்து, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடித் தகடு கிடைத்தவர்களுக்கு இந்தக் கவலையே வேறு மாதிரி. கண்ணாடியின் K 1-க்கு அருகில். அதே 3 மி.மீ. தடிமனில் நேர மாறிலி ஒன்றரை நிமிடத்துக்குச் சுருங்கிவிடும், பத்து நிமிடத்தில் T2 நின்றுவிடும். ஆனால் நிற்கும் இடம் 96 டிகிரியைத் தாண்டியிருக்கும். T1-க்கும் T2-க்கும் வித்தியாசம் மூன்று டிகிரிகூட இல்லை, அதில் அரை டிகிரி படிப்புப் பிழையே கிட்டத்தட்ட 20 சதவீதம். அதோடு கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்கும் காற்றுப்படலமும் வித்தியாசத்தைத் தின்னும். அங்கே எந்த விதியில் நிறுத்துவது என்று யோசிக்க வேண்டாம், இரண்டு தெர்மாமீட்டரையும் ஒரே கொதிநீரில் வைத்து ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துத் திருத்தம் போடுவதில் நேரத்தைச் செலவழியுங்கள்.

## நின்றதுபோல் நின்று மறுபடி நகர்ந்தால்

எந்த வழியை எடுத்தாலும் T2-வோடு T1-ஐயும், அறை வெப்பநிலையையும் ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். T2 நின்றுவிட்டுத் திடீரென இறங்கினால் பெரும்பாலும் காரணம் கொதிகலன். நடுவே குளிர்ந்த நீர் ஊற்றினால் நீராவி வரத்து சில நிமிடம் நின்று T1 விழும். T2 அதைப் பின்தொடர்ந்து இறங்கும். தொடங்கும்போதே கொதிகலனை முக்கால் பங்கு நிரப்பிவிடுவதும், கட்டாயம் ஊற்ற வேண்டுமென்றால் கொதிக்கும் நீரையே ஊற்றுவதும் நல்லது. T1 100-ஐத் தொடவில்லையே என்று பதற வேண்டாம். ஊட்டியில் நீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கும், கடலோர ஊர்களிலும் 99-உம் சொச்சமும்தான் தெர்மாமீட்டர் காட்டும். T1 எவ்வளவு என்பதைவிட அது அசையாமல் இருப்பதே வேண்டும்.

மின்விசிறிதான் இன்னொரு காரணம். ஏப்ரல் மாதத்தில் நீராவி ஓடும் ஆய்வகத்தில் விசிறியை நிறுத்தச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் விசிறி ஓடினால் வட்டு விடும் வெப்பம் கூடி, T2 நிற்கும் இடமே கீழே போய்விடும். நடுவில் நிறுத்தினால், நின்றிருந்த T2 புதிதாக ஏறத் தொடங்கும், பாதியாகும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. விசிறி ஓடட்டும் என்று முடிவு செய்தால் நிலைத்த நிலைப் பகுதியிலும் குளிர்தல் பகுதியிலும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், R காட்டும் காற்றும் T2 கண்ட காற்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுத்திவைப்பது என்றால் இரண்டிலும் நிறுத்தி, சன்னல் பக்க மேசையை விட்டு உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.